மாவட்டச் சாலைக்குத் தள வடிவமைப்பு அறிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு எடுத்துக்காட்டுச் சாலையை வைத்துக்கொள்கிறோம். 8 கி.மீ. நீளமுள்ள மாவட்ட முக்கியச் சாலை, 7 மீட்டர் அகலத்தில் இருவழியாக அகலப்படுத்தப்படுகிறது. இயற்கைத் தரை களிமண். வழியில் கல்குவாரி உண்டு. எண்கள் கணக்கை விளக்க வைத்துக்கொண்டவை; முறை, தார்ச் சாலைத் தள வடிவமைப்புக்கான இந்திய வழிகாட்டியான ஐஆர்சி 37-2018 சொல்லும் முறை.

அறிக்கையில் கட்டாயம் என்னென்ன இருக்க வேண்டும்? எத்தனை பக்கம் எழுதினாலும் திருப்பி அனுப்புகிறார்கள்.

மூன்று எண்களும், அவை எங்கிருந்து வந்தன என்பதற்கான தடமும் இருந்தால் போதும். முதல் எண், சாலை தன் ஆயுளில் தாங்க வேண்டிய மொத்த அச்சுச் சுமை. மில்லியன் ஸ்டாண்டர்டு ஆக்சில் கணக்கில் சொல்வதால் இதை எம்எஸ்ஏ என்கிறோம். இரண்டாவது எண், தளத்துக்கு அடியில் இறுக்கிய மண் அடுக்கான சப்கிரேடின் பலத்தைச் சதவீதத்தில் சொல்லும் சிபிஆர். மூன்றாவது, இந்த இரண்டையும் வைத்துத் தேர்ந்த அடுக்குகளின் கனமும், அந்தக் கனத்தில் வரும் திரிபு அனுமதிக்குள் இருக்கிறது என்ற கணக்கும்.

திரும்பி வரும் அறிக்கைகளில் பெரும்பாலும் மூன்றாவது சரியாகவே இருக்கும். மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டில்தான் "எடுத்துக்கொள்ளப்பட்டது" என்ற ஒரு சொல்லோடு எண் நிற்கும். யார் எண்ணியது, எந்த வாரம், எந்தக் குழியில் எடுத்த மண், எந்த அடர்த்தியில் சோதித்தது என்பது இருக்காது. சரிபார்ப்பவர் கேட்பது அதைத்தான்.

ஒன்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள். கணக்கு 2 எம்எஸ்ஏ-வுக்குக் கீழே வந்தால் ஐஆர்சி 37 பொருந்தாது. அப்போது குறைந்த போக்குவரத்துச் சாலைக்கான ஐஆர்சி எஸ்பி 72-க்குப் போக வேண்டும்.

வாகனக் கணக்கெடுப்பில் பைக், கார், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4,000 வண்டி வருகிறது. அதையே போடலாமா?

போடக் கூடாது. தளத்தின் கனத்தைத் தீர்மானிப்பது சரக்கோடு 3 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள வணிக வாகனங்கள் மட்டுமே. லாரி, டிப்பர், பேருந்து, டிரெய்லர் இதில் வரும். பைக்கும் காரும் சாலையின் அகலத்தைத் தீர்மானிக்க உதவும். தளத்தின் கனத்துக்கு உதவாது.

எண்ணுவது 7 நாள், நாளுக்கு 24 மணி நேரம், வகை பிரித்து, திசை பிரித்து. திசை பிரிப்பதை விட்டுவிடுகிறவர்கள் பலர். அதன் விலை கீழே விடிஎஃப் கேள்வியில் தெரியும். இரவு எண்ணாமல் பகல் 12 மணி நேரத்தை இரட்டிப்பாக்கும் வழக்கமும் குவாரிச் சாலையில் தவறான எண்ணையே தரும். அங்கே டிப்பர்கள் அதிகாலையில் கூட்டமாகக் கிளம்பும், பின்னிரவில் அநேகமாக ஓடாது. அறுவடைக் காலம், கரும்பு வெட்டு, சந்தை நாள் எதுவும் அந்த வாரத்தில் விழுந்ததா என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் 7 நாள் சராசரி, இரு திசையும் சேர்த்து, நாளுக்கு 420 வணிக வாகனங்கள்.

ஆண்டு வளர்ச்சி வீதம் 5 சதவீதமா 7.5 சதவீதமா? பழைய அறிக்கைகளில் எல்லாம் 7.5 போட்டிருக்கிறார்கள்.

இருக்கும் தரவிலிருந்து வீதத்தைக் கணக்கிடுங்கள். அது 5-க்குக் கீழே வந்தாலோ, தரவே இல்லையென்றாலோ, 5 சதவீதம் எடுங்கள். 2018 பதிப்பு சொல்லும் குறைந்தபட்ச வீதம் அதுதான். காரணம் காட்டாமல் 7.5 போடுவது பாதுகாப்பு மாதிரித் தெரியும். உண்மையில் அது மற்றொரு தவறை மறைக்கும் பழக்கமாகிவிட்டது.

இதே சாலையில் 7 ஆண்டுக்கு முன் எடுத்த கணக்கெடுப்பில் 318 வணிக வாகனங்கள் இருந்தன என்று வையுங்கள். 420-ஐ 318-ஆல் வகுத்தால் 1.32. அதன் ஏழாம் படிமூலம் 1.04. ஆக ஆண்டுக்கு 4 சதவீதம். எனவே 5 எடுக்கிறோம். இந்தக் கணக்கு அறிக்கையில் மூன்று வரிதான் பிடிக்கும். பழைய கணக்கெடுப்பு 3 நாள்தான் நடந்தது, அல்லது வேறு பருவத்தில் நடந்தது என்றால் அந்த ஒப்பீட்டை நம்ப வேண்டாம். எரிபொருள் விற்பனை, வாகனப் பதிவு போன்ற வேறு தரவோடு ஒத்துப்பாருங்கள். பக்கத்தில் புதிய சிப்காட் பூங்காவோ குவாரி உரிமமோ வரப்போகிறது என்றால், வீதத்தை உயர்த்துவதைவிட அந்த லாரிகளை எண்ணித் தனியாகக் கூட்டுவது நேர்மையான வழி. அது ஒரே ஆண்டில் வந்து சேரும் சுமை, ஆண்டாண்டாக வளர்வதில்லை.

விடிஎஃப்புக்கு அட்டவணையில் 3.9 இருக்கிறதே. அச்சு எடைக் கணக்கெடுப்புக்குச் செலவு செய்ய வேண்டுமா?

அறிக்கையில் மிகப் பெரிய தவறு நுழையும் இடம் இது. செலவு செய்யுங்கள்.

விடிஎஃப் என்பது ஒரு சராசரி வணிக வாகனம் சாலைக்குச் செய்யும் சேதம் எத்தனை ஸ்டாண்டர்டு ஆக்சிலுக்குச் சமம் என்ற எண். ஸ்டாண்டர்டு ஆக்சில் என்பது இரட்டைச் சக்கரம் கொண்ட 80 கிலோநியூட்டன் ஒற்றை அச்சு. சேதம் எடையின் நான்காம் படியில் ஏறுகிறது. முன் அச்சுக்கு, அதாவது பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள அச்சுக்கு, எடையை 65-ஆல் வகுத்து நான்காம் படிக்கு உயர்த்துகிறோம். இரட்டைச் சக்கர ஒற்றை அச்சுக்கு 80, டேண்டமுக்கு 148, மூன்று அச்சுத் தொகுப்புக்கு 224.

ஒரு இரண்டு அச்சு லாரியை எடுங்கள். 2018-இல் உயர்த்தப்பட்ட சட்ட வரம்பின்படி முன் அச்சு 7 டன், பின் அச்சு 11.5 டன் வரை ஏற்றலாம். கிலோநியூட்டனில் 68.7, 112.8.

```
முன் அச்சு : (68.7/65)^4  = 1.25
பின் அச்சு : (112.8/80)^4 = 3.95
மொத்தம்   : 5.20
```

சட்டத்துக்கு உட்பட்டு ஏற்றிய லாரியே 5.2. பின் அச்சில் 14 டன் ஏறிவிட்டால் அந்த அச்சு மட்டுமே 8.7 ஆகும். அதே லாரி காலியாகத் திரும்பும்போது முன்னால் 2.7 டன், பின்னால் 3.5 டன் என்றால் மொத்தம் 0.06 மட்டுமே. ஒரு லோடு லாரி செய்யும் சேதத்துக்குக் காலி லாரி எண்பது தடவைக்கு மேல் ஓட வேண்டும்.

இதனால்தான் திசை முக்கியம். நம் சாலையில் குவாரியிலிருந்து வரும் பக்கம் விடிஎஃப் 4.6, குவாரிக்குப் போகும் பக்கம் 0.9 என்று எடை காட்டியது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 2.75. அந்தச் சராசரிக்குச் சாலையில் பொருளே இல்லை, ஏனென்றால் எந்தப் பக்கமும் 2.75 ஓடவில்லை. அதிகம் உள்ள திசையின் மதிப்பையே எடுக்க வேண்டும். அட்டவணை மதிப்பு 3.9 சமவெளியில் நாளுக்கு 150 முதல் 1,500 வாகனம் வரையிலான சாலைக்கானது. அதுவும் இங்கே குறைவுதான்.

கணக்கெடுப்பு அளவு: நாளுக்கு 3,000-க்குக் கீழே வணிக வாகனம் ஓடும் சாலையில் 20 சதவீத வாகனங்களை எடை போட வேண்டும். இங்கே 84. தூக்கிச் செல்லக்கூடிய அச்சு எடைத் தட்டோடு 24 மணி நேரம் நின்றால் முடிகிற வேலை. எடுத்தவுடன் வண்டியை நிறுத்தும் முறையைக் கவனியுங்கள். எடை போடுகிறார்கள் என்ற செய்தி ஓட்டுநர்களிடையே பரவ ஒரு மணி நேரம் போதும். அதன்பின் அதிக பாரம் ஏற்றிய வண்டி வேறு வழியாகப் போய்விடும். மணிவாரியாகப் பதிவில் கனமான வண்டிகள் திடீரென மறைந்தால் அது அடையாளம். அபராதம் போடும் அலுவலர்கள் இல்லாமல் எடுப்பதே நல்லது. குவாரி எடைமேடையின் மொத்த எடைச் சீட்டு, ஒத்துப்பார்க்க மட்டும் உதவும். அது அச்சுவாரியாகப் பிரித்துச் சொல்லாது.

எம்எஸ்ஏ கணக்கை ஒரு முறை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். 5.5 மீட்டர் சாலைக்கு ஏன் அதிகம் வருகிறது?

```
A = P(1+r)^x = 420 × 1.05^2 = 463
N = 365 × [((1+r)^n − 1)/r] × A × D × F
  = 365 × 21.58 × 463 × 0.50 × 4.6
  = 84 லட்சம் = 8.4 msa
```

இதில் P என்பது எண்ணிய வணிக வாகனங்கள், r வளர்ச்சி வீதம், A சாலை திறக்கும்போது ஓடும் எண்ணிக்கை, F விடிஎஃப். x என்பது எண்ணிய ஆண்டுக்கும் சாலை திறக்கும் ஆண்டுக்கும் உள்ள இடைவெளி, இங்கே 2. n என்பது வடிவமைப்பு ஆயுள். தேசிய, மாநில நெடுஞ்சாலைக்கு 20 ஆண்டு, மற்ற சாலைகளுக்கு 15. D என்பது ஒரு தடத்தில் விழும் பங்கு. இருவழிச் சாலையில் இரு திசை எண்ணிக்கையில் 50 சதவீதம். 5.5 மீட்டர் இடைநிலை அகலத்தில் 75 சதவீதம், ஏனென்றால் எதிரே வண்டி இல்லாதபோது எல்லோரும் நடுவில்தான் ஓட்டுகிறார்கள். சக்கரத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஒருவழி அகலத்தில் முழு எண்ணிக்கையும். இதே போக்குவரத்து 5.5 மீட்டர் சாலையில் ஓடினால் 12.6 எம்எஸ்ஏ. அகலத்தை மிச்சப்படுத்தினால் கனத்தில் செலவு வரும் என்பதை மதிப்பீடு போடும்போது நினைவில் வையுங்கள்.

இப்போது தவறுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வளர்ச்சியை 5-லிருந்து 7.5 ஆக்கினால் 8.4 என்பது 10.6 ஆகிறது. சராசரி விடிஎஃப் 2.75 போட்டால் 5.0 ஆகச் சுருங்குகிறது. 15 ஆண்டுக்கு என்று 5.0-க்கு வடிவமைத்த சாலை, குவாரியிலிருந்து வரும் பக்கத்தில் அந்தச் சுமையைப் பதினோராம் ஆண்டிலேயே தாண்டிவிடும். எதிர்ப் பக்கம் நன்றாகவே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வரிப்பள்ளம் விழுந்த சாலைகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சிபிஆர் முடிவுகள் பத்து இருக்கின்றன. சராசரி எடுக்கலாமா?

சராசரி எடுத்தால் சாலையின் பாதி நீளம் வடிவமைப்பைவிடப் பலவீனமான மண்மேல் நிற்கும். மாவட்டச் சாலையில் 20 எம்எஸ்ஏ-வுக்குக் கீழே 80-ஆம் பெர்சென்டைல் எடுக்க வேண்டும். 20-ம் அதற்கு மேலும் என்றால் 90-ஆம் பெர்சென்டைல். பெயரைப் பார்த்துத் தலைகீழாக எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. முடிவுகளில் 80 சதவீதம் எந்த மதிப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறதோ, அந்த மதிப்பு அது. உச்சியிலிருந்து அல்ல, அடியிலிருந்து எண்ண வேண்டும்.

நிரப்ப வைத்திருக்கும் கிராவல் மண்ணுக்கு ஏறு வரிசையில் 9.4, 9.9, 10.2, 10.3, 10.8, 11.1, 11.5, 12.0, 12.6, 13.4 என்று வந்தது. பத்தில் எட்டு முடிவுகள் 10.2-ம் அதற்கு மேலும். எனவே 10 சதவீதம். சராசரி 11.1.

சோதனை எந்த நிலையில் நடந்தது என்பது எண்ணைவிட முக்கியம். களத்தில் அடைய வேண்டியது ஹெவி கம்பேக்‌ஷன் முறையில் கிடைக்கும் உச்ச உலர் அடர்த்தியில் 97 சதவீதம். சோதனை மாதிரியும் அந்த அடர்த்தியில் தயாரித்து, 4 நாள் தண்ணீரில் ஊறவைத்துக் குத்தியதாக இருக்க வேண்டும். ஆய்வகம் 100 சதவீத அடர்த்தியில் குத்தித் தந்த அழகான எண், ரோலர் ஓடிய களத்தில் இருக்காது. அறிக்கையின் இணைப்பில் அடர்த்தி, ஈரப்பதம், ஊறவைத்த நாள் மூன்றும் இல்லாத சிபிஆர் தாளை ஏற்கவே கூடாது.

கிராவல் மண்ணின் சிபிஆர் 10. சப்கிரேடில் அதைத்தானே போடப்போகிறோம்? அப்படியானால் 10-க்கு வடிவமைத்தால் என்ன?

லாரியின் எடை 500 மி.மீ. கிராவலோடு நின்றுவிடாது, கீழே உள்ள களிமண்ணுக்கும் போகும். களிமண்ணின் சிபிஆர் 3 என்றால் இரண்டும் சேர்ந்து என்ன பலம் தருகின்றனவோ அதையே எடுக்க வேண்டும். இதை எஃபெக்டிவ் சிபிஆர் என்கிறோம். 2012 பதிப்புக்குப் பின்னும் இதை விட்டுவிட்ட அறிக்கைகள் வருகின்றன.

முறை இப்படி. முதலில் சிபிஆரை, சுமைக்கு மண் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்று சொல்லும் ரெசிலியன்ட் மாடுலஸாக மாற்ற வேண்டும். 5 வரை 10-ஆல் பெருக்கல். 5-க்கு மேல் 17.6 × CBR^0.64. களிமண் 30 எம்பிஏ, கிராவல் 76.8 எம்பிஏ. இந்த இரண்டு அடுக்கின்மேல் 40,000 நியூட்டன் ஒற்றைச் சக்கரத்தை 0.56 எம்பிஏ அழுத்தத்தில் வைத்தால் மேற்பரப்பு எவ்வளவு தாழும் என்று பார்க்க வேண்டும். அடுக்குகளின் திரிபையும் தாழ்வையும் கணக்கிடும் மென்பொருளான IITPAVE அதை நேரடியாகத் தரும். கையால் சரிபார்க்க ஓடிமார்க் சமகனம், பூசினெஸ்க் சூத்திரம் இரண்டும் போதும். அப்படிப் போட்டால் கிராவல் அடுக்கின் சுருக்கம் 1.44 மி.மீ., களிமண்ணின் தாழ்வு 1.04 மி.மீ., ஆக 2.48 மி.மீ. வருகிறது. ஒரே மண்ணாக இருந்தால் இதே தாழ்வைத் தரும் மாடுலஸ், பாய்சான் விகிதம் μ 0.35, அழுத்தம் p, சக்கரம் பதியும் வட்டத்தின் ஆரம் a, தாழ்வு δ என்று வைத்தால்:

```
M = 2(1−μ²) p a / δ
  = 2 × 0.8775 × 0.56 × 150.8 / 2.48
  = 59.8 MPa  →  CBR 6.8
```

கீழ்நோக்கி 6 எடுக்கிறோம். 10 அல்ல. பத்துக்கும் ஆறுக்கும் உள்ள இடைவெளிதான் பல சாலைகளின் முன்கூட்டிய வரிப்பள்ளம். இந்த முறையில் மாடுலஸ் எவ்வளவு அதிகமாக வந்தாலும் 100 எம்பிஏ-வுக்கு மேல் எடுக்கக் கூடாது.

நாளுக்கு 450-க்கு மேல் வணிக வாகனம் ஓடும் சாலையில் எஃபெக்டிவ் சிபிஆர் 5-க்குக் கீழே இருக்கக் கூடாது என்று விதி. நம் 463 அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. எனவே களிமண்ணின்மேல் நேரடியாகக் கட்டும் யோசனை இங்கே எழவே முடியாது.

ஒப்பந்தக்காரர் 500-க்குப் பதில் 300 மி.மீ. நிரப்பினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: அதே கணக்கில் எஃபெக்டிவ் சிபிஆர் 5.5 ஆகிறது. வடிவமைப்பு எண்ணான 6-ஐ விடக் கீழே. மேலே எவ்வளவு நன்றாக ஜல்லி போட்டாலும் இது கண்ணில் படாது. எனவே சப்கிரேடு முடிந்ததும் மேல்மட்ட அளவையும் அடித்தள அளவையும் பதிவு செய்து வைப்பதே ஒரே சாட்சி.

எங்கள் பக்கம் கரிசல் மண். மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். சிபிஆர் பலத்தைச் சொல்லும், உப்பலைச் சொல்லாது. கரிசல் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அதனால் சாலையின் ஓரங்கள் நடுவைவிட அதிகம் அசையும், நீளவாக்கில் வெடிப்பு வரும். அந்த வெடிப்பு வாகனச் சுமையால் வருவதல்ல. தார் அடுக்கைத் தடித்துப் போட்டு அதைத் தடுக்க முடியாது.

மண் தண்ணீரில் எவ்வளவு உப்பும் என்று காட்டும் ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ் சோதனையைச் சிபிஆரோடு சேர்த்தே எடுங்கள். 50 சதவீதத்துக்கு மேல் வந்தால் அந்த மண்ணை நிரப்பவே கூடாது. இயற்கைத் தரையே அப்படி என்றால், 0.6 முதல் 1 மீட்டர் வரை உப்பாத, பசைத்தன்மையுள்ள மண்ணை மெத்தையாகப் போடுவது வழக்கமான தீர்வு. இங்கே மணல் போடுகிறவர்கள் கெடுதலை வரவழைக்கிறார்கள். மணல் தண்ணீரைக் கரிசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அடுக்குகளின் கனத்தை அட்டவணைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் போதாதா? எப்படித் தீர்மானிப்பது?

படத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக அல்ல. படம் குறிப்பிட்ட மாடுலஸ், குறிப்பிட்ட தார் தரம், குறிப்பிட்ட கலவை விகிதத்துக்கு வரைந்தது. உங்கள் அறிக்கையில் அவை வேறாக இருந்தால் படம் பேசாது.

8.4 எம்எஸ்ஏ, சிபிஆர் 6-க்கு முதல் முயற்சியாக, அடியிலிருந்து மேலாக, ஜல்லி அடுக்குகளில் ஜிஎஸ்பி 200, வெட் மிக்ஸ் 250, தார்க் கலவை அடுக்குகளில் டிபிஎம் 60, பிசி 30 மி.மீ. எடுப்போம். தார் விஜி 30. 35 டிகிரியில் அதன் கலவைக்கு மாடுலஸ் 2,000 எம்பிஏ. ஜல்லி அடுக்குகளின் மாடுலஸைத் தனியாகச் சோதித்துப் போடுவதில்லை. அடியில் இருக்கும் மண் எவ்வளவு பலமோ அதைப் பொறுத்தே அது வரும்.

```
சப்கிரேடு  = 17.6 × 6^0.64      = 55.4 MPa
ஜல்லி      = 0.2 × 450^0.45 × 55.4 = 173 MPa
```

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். கருங்கல் ஜல்லி, அதன் பலம் எப்படி 173 ஆகும் என்று நினைத்து 350, 400 என்று கையால் போட்டுவிடுவார்கள். மெத்தையின்மேல் கல்லை அடுக்கினால் கல் இறுகாது. அதைத்தான் இந்தச் சூத்திரம் சொல்கிறது.

அடுத்து, அனுமதிக்கப்பட்ட திரிபு. சப்கிரேடு அமுங்கி வரும் வரிப்பள்ளத்துக்கு ஒன்று, சுமை திரும்பத் திரும்ப விழுவதால் தார் அடுக்கு வெடிக்கும் களைப்புக்கு ஒன்று. 20 எம்எஸ்ஏ-வுக்குக் கீழான மாவட்டச் சாலைக்கு 80 சதவீத நம்பகத்தன்மைச் சூத்திரங்கள்:

```
வரிப்பள்ளம் : N = 4.1656×10^-8 × (1/εv)^4.5337
களைப்பு     : N = 1.6064 × C × 10^-4 × (1/εt)^3.89 × (1/M)^0.854
C = 10^m,  m = 4.84 × (Vbe/(Va+Vbe) − 0.69)
```

கலவையில் காற்றிடம் 3.5 சதவீதம், பயன்படும் தாரின் பருமன் 11.5 சதவீதம் என்றால் C 2.35. N-க்கு 84 லட்சத்தைப் போட்டுத் திருப்பினால் சப்கிரேடின் உச்சியில் 0.000700 வரையும், தார் அடுக்கின் அடியில் 0.000412 வரையும் திரிபு அனுமதி.

கையால் போடும் ஓடிமார்க் சரிபார்ப்பில் சப்கிரேடு திரிபு ஏறத்தாழ 0.00055. வரிப்பள்ளத்தைப் பொறுத்தவரை தாராளமாக இருக்கிறது. ஜல்லியை 75 மி.மீ. குறைத்து 375 ஆக்கினால் அதே கணக்கு 0.00070-க்கு வந்து வரம்பைத் தொடுகிறது. கனத்துக்கும் திரிபுக்கும் உள்ள உறவு எவ்வளவு செங்குத்தானது என்பதை இது காட்டும். ஆனால் தார் அடுக்கின் களைப்பைக் கையால் நம்பிச் சரிபார்க்க முடியாது; மெல்லிய அடுக்கில் சமகன முறை சரியாக வராது. அதை மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். இவ்வகைச் சாலையில் பெரும்பாலும் தீர்மானிப்பதும் அதுவே. அங்கே 0.000412-ஐத் தாண்டினால் டிபிஎம்-ஐ 5 மி.மீ. ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். அப்போது ஜல்லியை ஏற்றுவதால் பலன் சொற்பம்.

கட்ட முடிகிற கனமா என்பதையும் பாருங்கள். வெட் மிக்ஸ் 250-ஐ 125 வீதம் இரண்டு அடுக்காக இறுக்க வேண்டும். டிபிஎம் 50-க்குக் கீழே போகக் கூடாது. வெட் மிக்ஸின் மொத்தக் கனம் 150-க்குக் கீழே போகக் கூடாது.

IITPAVE-இல் எதை எங்கே போட வேண்டும்? வெளிவரும் எண்களில் எதைப் படிப்பது?

```
அடுக்குகள்       : 3
மாடுலஸ் MPa     : 2000, 173, 55.4
பாய்சான் விகிதம் : 0.35, 0.35, 0.35
கனம் mm         : 90, 450
சக்கர எடை N     : 20000    அழுத்தம் MPa : 0.56
சக்கரம்          : 2
புள்ளிகள் (ஆழம், ஆரம்) : 90,0  90,155  540,0  540,155
```

டிபிஎம்-ஐயும் பிசி-யையும் ஒரே அடுக்காக 90 என்று போடுகிறோம். ஜிஎஸ்பி, வெட் மிக்ஸ் இரண்டும் ஒரே அடுக்காக 450.

வெளியீட்டில் அடுக்குகள் சேரும் ஆழத்துக்கு இரண்டு வரிகள் வரும். ஆழத்தோடு L என்று ஒட்டிய வரி கீழ் அடுக்குக்கானது. சப்கிரேடுக்கு 540 ஆழத்தில் L உள்ள வரியின் epZ-ஐப் படிக்க வேண்டும். தார் அடியைப் பார்க்க 90 ஆழத்தில் L இல்லாத வரியின் epT, epR இரண்டில் பெரியதை எடுக்க வேண்டும். ஆரம் 0, 155 இரண்டிலும் பார்த்து, மோசமானதையே அறிக்கையில் எழுதுங்கள். வரி மாறிப் படித்தால் எண் இயல்பாகவே தோன்றும். யாருக்கும் தெரியாமலே தவறு போய்விடும். அதனால் முழு வெளியீட்டையும் இணைப்பாக வைப்பது அவசியம்.

கணக்கெல்லாம் சரி, அடுக்கும் சரி. இரண்டு மழைக்குள் ஓரமெல்லாம் பிளந்துவிட்டது. வடிவமைப்பில் எது விட்டுப்போனது?

பெரும்பாலும் ஜிஎஸ்பி-யிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழி. 4 நாள் ஊறிய மண்ணின் பலத்துக்கு வடிவமைத்தோம், மாதக்கணக்கில் ஊறும் மண்ணுக்கு அல்ல. ஜல்லியில் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு லாரிக்கும் அது அழுத்தப்பட்டு, நுண்மண்ணைக் கரைத்து மேலே தள்ளும். தாரின் வெடிப்பில் சேற்று வெள்ளையோ செம்மண் கறையோ தெரிந்தால் அதுதான் நடக்கிறது.

200 மி.மீ. ஜிஎஸ்பி-யில் வடிகால் அடுக்கையும் வடிகட்டி அடுக்கையும் தனித்தனியாகப் போட இடமில்லை. எனவே இரண்டு வேலையும் செய்யும் தரம் 5 அல்லது தரம் 6 ஜிஎஸ்பி-யை அறிக்கையில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். "ஜிஎஸ்பி 200 மி.மீ." என்று மட்டும் எழுதினால் களத்தில் நுண்பொருள் அதிகமான மலிவான கலவை வந்து சேரும். அடுத்து, அந்த அடுக்கைத் தார் விளிம்போடு நிறுத்தாமல் தோள்பட்டைக்கு அடியில் நீட்டி, சரிவின் பக்கத்தில் வெளியே தெரியும்படி முடிக்க வேண்டும். பெரும்பாலான குறுக்குவெட்டு வரைபடங்களில் இது சரியாக இருக்கும். களத்தில் தோள்பட்டைக்கு மண் கொட்டும்போது அதன் வாயை மூடிவிடுவார்கள். அகலப்படுத்தும் வேலையில் இன்னொரு அபாயம் உண்டு: பழைய சாலையின் இறுகிய மண்தோளை அப்படியே விட்டுவிட்டு அதன் இரு புறமும் புதிய பெட்டி வெட்டினால், அந்தப் பெட்டி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். வெடிப்பு பழைய, புதிய தளம் சேரும் கோட்டிலேயே நேராக ஓடும்.

இதை அறிக்கையில் ஒரு குறுக்குவெட்டுப் படமாக, ஜிஎஸ்பி-யின் வெளிமுனை மட்டத்தையும் பக்க வடிகாலின் அடிமட்டத்தையும் எண்ணோடு போட்டுக் காட்டுங்கள். வடிகாலின் அடி ஜிஎஸ்பி-யின் அடிக்கும் கீழே இருக்கிறதா என்று அந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.